காலை 10 முதல் மாலை 7 வரை லாகின், வேறு கிளையன்ட் கூடாது, ஆனால் நான் ‘கன்சல்டன்ட்’தானாம். கையெழுத்துப் போடலாமா?

கட்டம்போட்டசட்டை (கோவை)

வணக்கமுங்க. நான் ஸ்லைடு டிசைனர். சென்னையில் இருக்கும் ஒரு பயிற்சி நிறுவனத்துக்கு 2022 ஆகஸ்ட் முதல் வீட்டிலிருந்தே ஈ-லேர்னிங் பாடங்களை வடிவமைத்துத் தருகிறேன். முதலில் ஸ்லைடுக்கு 120 ரூபாய் என்று பில் போட்டேன். ஒரு வருஷம் கழித்து, மாசம் எப்படியும் 55,000 பக்கம் வருது, அதையே ரவுண்டாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். எனக்கும் வசதியாக இருந்தது. சராசரியாக மாசம் 90 மணி நேரம் ஆகும். மிச்ச நேரத்தில் இங்கே ஒரு ஜவுளிக்கடை கேட்லாகும், ஒரு பள்ளிக்கூடத்துக்குப் புத்தக வேலையும் பார்ப்பேன். அதில் ஒரு 22,000 வரும்.

போன வாரம் புது ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்கள், 11 மாதத்துக்கு. திங்கள் முதல் சனி வரை காலை 10 முதல் மாலை 7 வரை அவர்களுடைய செயலியில் லாகின் ஆகியிருக்க வேண்டும். லீவு வேண்டுமென்றால் மூன்று நாள் முன்பே மெயில் போட்டு அனுமதி வாங்க வேண்டும், லீவு எடுத்தால் அன்றைய காசு பிடித்துக்கொள்வார்கள். எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒரு வருஷம் இதே துறையில் யாருக்கும் செய்யக் கூடாது. தொகை அதே 55,000. கடைசிப் பக்கத்தில் மட்டும் தடித்த எழுத்தில் ஒரு வரி: ‘கன்சல்டன்ட் ஒரு சுதந்திர ஒப்பந்ததாரர், எந்த விதத்திலும் நிறுவனத்தின் ஊழியர் ஆகமாட்டார்.’

இது வேலையா, ஃப்ரீலான்ஸா?

---

சும்மாஇரு

மாசம் 55,000 உட்கார்ந்த இடத்தில் வருது. அந்த 22,000-க்காக இதை விடுவீர்களா? இப்போது இருக்கும் நிலைமையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். லாகின் பண்ணிவிட்டு மற்ற வேலையையும் கமுக்கமாகப் பார்த்தால் யார் கேட்கப் போகிறார்கள்.

---

கணக்குப்பிள்ளை

ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். உங்களுக்கு 1961 வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துவந்தார்கள் அல்லவா? அப்படியென்றால் நீங்கள் தொழில்முறை ஆலோசகர்தான். சம்பளமாக இருந்தால் 192-இல் பிடித்து ஃபார்ம் 16 கொடுத்திருப்பார்கள். உங்களுக்கு வந்தது 16ஏ. இதற்கு மேல் ஆதாரம் எதற்கு? ஒப்பந்தத்திலும் ஊழியர் இல்லை என்று போட்டிருக்கிறது, நீங்களும் கையெழுத்துப் போடப் போகிறீர்கள். முடிந்தது கதை.

நல்ல செய்தி என்னவென்றால், வருஷத்துக்கு 6.6 லட்சம் என்றால் மாசம் 5,500 வீதம் பிடித்த 66,000-ம் ரிட்டர்ன் போட்டால் திரும்ப வந்துவிடும். புது வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. அந்த 22,000 சேர்ந்தாலும் அதற்குள்தான் வருவீர்கள்.

---

எழும்பூர்வாசி

தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறேன், 19 வருஷமாக. கணக்குப்பிள்ளை தம்பி ரீஃபண்ட் பற்றிச் சொன்னது சரி. முதல் பத்தி சரியில்லை. எந்தப் பிரிவில் வரி பிடிப்பது என்று முடிவு செய்தது நிறுவனம். ‘ஊழியர் இல்லை’ என்று எழுதியதும் நிறுவனம். தான் எழுதிய சீட்டைத் தானே சாட்சியாக நீட்டினால் நீதிமன்றம் வாங்கி ஓரமாக வைத்துக்கொள்ளும். அதோடு விசாரணை முடிந்துவிடாது. நடப்பில் என்ன நடந்தது என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

நான் ஜூனியராக இருந்தபோது என் சீனியர் படிக்கச் சொன்ன முதல் தீர்ப்பு ஒரு தையல்கடை வழக்கு. சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ், உச்ச நீதிமன்றம், வருஷம் 1973. அங்கே தையல்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது, உருப்படிக்குக் கூலி. வேலை இருந்தால் வருவார்கள், முடிந்தால் போய்விடுவார்கள். சிலர் துணியை வீட்டுக்கே எடுத்துப் போய்த் தைத்தார்கள். வேறு கடைக்குத் தைக்கவும் தடை இல்லை. கடைக்காரர் என்ன வாதாடியிருப்பார் என்று சொல்லவே வேண்டாம், இவர்கள் என் ஆட்களே இல்லை என்றார். ஆனால் மிஷின் கடையுடையது. எப்படித் தைக்க வேண்டும் என்று சொல்வதும், சரியில்லை என்றால் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொல்வதும் கடைக்காரர். அவர்கள் ஊழியர்கள்தான் என்று தீர்ப்பு வந்தது.

கட்டம்போட்டசட்டை மேடம், உங்களுடைய பழைய ஏற்பாட்டை அந்தத் தையல்காரர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்களுக்கு நேரக் கட்டுப்பாடும் இல்லை, வேறு கடைக்குத் தைக்காதே என்ற தடையும் இல்லை. அப்படியிருந்தும் ஊழியர்கள் என்றார்கள். உங்கள் கிளையன்ட் இந்த இரண்டையும் தானே கேட்டு வாங்கி எழுத்தில் வேறு போட்டுக் கொடுக்கிறார்.

நான்கு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். கம்ப்யூட்டரும் மென்பொருளும் யாருடையது? உங்களால் முடியாத நாளில் உங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்பி வேலையை முடிக்கலாமா? ஒரு வேலை வேண்டாம் என்று மறுத்திருக்கிறீர்களா? வேலையை யார் பிரித்துக் கொடுக்கிறார்?

---

கட்டம்போட்டசட்டை

சார், லேப்டாப் என்னுடையது. மென்பொருள் உரிமம் அவர்களுடையது, மெயில் ஐடியும் அவர்கள் கொடுத்தது. மெயிலின் அடியில் பெயரோடு ‘சீனியர் டிசைனர்’ என்று போடச் சொல்லியிருக்கிறார்கள். போன வருஷம் எனக்கு டெங்கு வந்தபோது என் தோழியை வைத்து முடித்துக் கொடுக்கிறேன் என்று சொன்னேன். ‘நீங்களேதான் செய்யணும், வேற ஆள் கையில ஃபைல் போகக்கூடாது’ என்று பதில் வந்தது. அந்த மெயில் இருக்கிறது. வேலையைப் பிரித்துக் கொடுப்பது ஒரு புராஜெக்ட் மேனேஜர். தினமும் காலையில் 15 நிமிஷம் எல்லாருக்கும் மீட்டிங். அதில் இருக்கும் எட்டுப் பேரில் ஐந்து பேர் பேரோலில் இருப்பவர்கள். ஒரே வேலைதான் செய்கிறோம். மறுத்ததே இல்லை, மறுக்கலாம் என்று தோன்றியதும் இல்லை.

---

பூண்டுரசம்

எனக்கும் இதே பிரச்சினை. நானும் மூணு கிளையன்ட் வைத்திருக்கிறேன், ஜிஎஸ்டி எடுக்கணுமா வேண்டாமா? ஒருத்தர் எடுத்தே ஆகணும்ங்கிறார்.

---

கணக்குப்பிள்ளை

உள்ளூர் கிளையன்ட்களுக்கான சேவை, வருஷம் 20 லட்சத்துக்குள் என்றால் தேவையில்லை. தனியாக ஒரு இழை போடுங்கள், அங்கே விவரமாகச் சொல்கிறேன். இங்கே விஷயம் வேறு.

---

தேம்ஸ்நதி (லண்டன்)

இந்த ‘வேறு ஆளை அனுப்பலாமா’ கேள்வியைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இங்கே ஐஆர்35 என்று ஒரு வரி விதி 2000-இலிருந்து இருக்கிறது. நாங்கள் ஒரு சின்ன கம்பெனி வைத்து அதன் வழியாகத்தான் கான்ட்ராக்ட் எடுப்போம். 2021 ஏப்ரல் முதல், கிளையன்ட் நடுத்தர அல்லது பெரிய நிறுவனமாக இருந்தால், ஆள் உண்மையில் ஊழியர் மாதிரிதானா என்று அவர்களே முடிவு செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். என் ஒப்பந்தத்தில் மாற்று ஆளை அனுப்பலாம் என்று அழகாக ஒரு ஷரத்து இருந்தது. கிளையன்டிடம் கேட்டபோது ‘அதெல்லாம் பேப்பரில், நிஜத்தில் ஒத்துக்கொள்ள மாட்டோம்’ என்று விட்டார்கள். ஊழியர் மாதிரி வரி கட்டினேன், ஆனால் சம்பளத்தோடு விடுமுறை கிடையாது, நோய் விடுப்பு கிடையாது. இரண்டு பக்கமும் இடி.

உங்கள் கிளையன்டும் இப்படி ஒரு முடிவை எழுதித் தர வேண்டுமே, கேட்டு வாங்குங்கள்.

---

எழும்பூர்வாசி

தேம்ஸ்நதி சார், இங்கே அப்படி முன்கூட்டியே முடிவெழுதும் கட்டாயம் கிடையாது. இங்கே இந்தக் கேள்வி எழுவதே தகராறு வந்த பிறகுதான். வேலையை விட்டு நிறுத்துவார்கள், அல்லது பிஎஃப் அதிகாரி சோதனைக்கு வருவார், அல்லது வருமான வரித் துறை 192-இல் ஏன் பிடிக்கவில்லை என்று நிறுவனத்தைக் கேட்கும். அது வரைக்கும் யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள். அதனால்தான் இந்த மாதிரி ஒப்பந்தம் வருஷக்கணக்கில் ஓடுகிறது. ஆனால் மாற்று ஆள் பற்றி நீங்கள் சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்தும். அந்த டெங்கு மெயிலை மேடம் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

---

கணக்குப்பிள்ளை

சரி சார், ஊழியர் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் மூன்று வருஷ பிஎஃப் பாக்கி முழுவதும் கேட்கலாமே? மாசம் 12 சதவீதம் என்றால் நல்ல தொகை.

---

எழும்பூர்வாசி

அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வேலையில் சேரும்போதே பிஎஃப் சம்பளம் 15,000-க்கு மேல் இருந்து, அதற்கு முன் பிஎஃப் உறுப்பினராக இருந்ததும் இல்லை என்றால், அவரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று சட்டம் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. மேடம் அந்த வகையில் வரலாம். இஎஸ்ஐ-க்கு வரம்பு 21,000, அதிலும் வரமாட்டார். கிராஜுவிட்டிக்குப் பொதுவாக ஐந்து வருஷம் வேண்டும். ஆக, பணமாகப் பெரிதாக எதுவும் கொட்டாது. இவருக்கு உண்மையில் கிடைக்கக்கூடியது வேறு ஒன்று: நினைத்த மாத்திரத்தில் போ என்று சொல்ல முடியாத பாதுகாப்பு.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. அதன் 41-வது பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும். நீக்கினால் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கெடு 30 நாள்தான். பலர் மூன்று மாதம் கழித்து என்னிடம் வருவார்கள்.

இந்தச் சட்டம் வணிக நிறுவனத்தில் யாரை ஊழியர் என்கிறது தெரியுமா? அந்த நிறுவனத்தின் தொழிலில் ‘முழுமையாகவோ முதன்மையாகவோ’ அமர்த்தப்பட்டவரை. இன்றைக்கு மேடத்துக்கு மூன்று கிளையன்ட். 77,000-இல் 55,000 ஒரே இடத்திலிருந்து, அதை முதன்மை என்று வாதாடலாம், எதிர்த்தரப்பும் பதில் சொல்லலாம். புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மறுநாள் ‘முழுமையாக’ என்ற சொல்லைக் கிளையன்டே நிரூபித்துக் கொடுத்துவிடுகிறார். வேறு யாருக்கும் செய்யக் கூடாது என்று தடுத்துவிட்டு, இவர் சந்தையில் தொழில் நடத்தும் சுதந்திர ஒப்பந்ததாரர் என்று எப்படிச் சொல்வார்?

---

முன்னாள்ஹெச்ஆர்

எதிர்த்தரப்பில் உட்கார்ந்து இதே ஒப்பந்தங்களை அனுப்பியவன் நான், 11 வருஷம். வக்கீல் சார் சொல்வதைக் கேட்டால் ஏதோ திட்டம் போட்டுச் செய்வது போலத் தோன்றும். பாதி நேரம் திட்டமே கிடையாது. புது ஆள் எடுக்க மேலிடத்தில் ஹெட்கவுன்ட் அனுமதி வேண்டும், அது கிடைக்காது. வெண்டர் பட்ஜெட்டில் பணம் இருக்கும். அதனால் ஆளை வெண்டராக எடுத்து, ஊழியராக நடத்துவோம். பிறகு யாரோ ஒரு கன்சல்டன்ட் டெட்லைன் அன்றைக்கு போனை எடுக்காமல் போயிருப்பார். உடனே எல்லாருக்கும் நேரக் கட்டுப்பாடு. இன்னொருவர் போட்டி நிறுவனத்துக்கு அதே டெம்ப்ளேட்டைக் கொடுத்திருப்பார். உடனே எல்லாருக்கும் தடை. ஊழியர் நியமனக் கடிதத்திலிருந்து ஷரத்தை வெட்டி கன்சல்டன்ட் ஒப்பந்தத்தில் ஒட்டுவோம். இவர் சொன்ன ஒரு வருஷத் தடையும் அப்படி ஒட்டியதுதான், எழுத்துரு கூட மாறியிருக்கும் பாருங்கள்.

அதனால் ஹெச்ஆரிடம் சட்டம் பேசாதீர்கள் மேடம். புராஜெக்ட் மேனேஜரிடம் கேளுங்கள், அவருக்கு உண்மையில் எது வேண்டும் என்று. அநேகமாக இரண்டு மணி நேரம் கைக்கு எட்டும்படி இருந்தால் போதும் என்பார். அதை எழுதுங்கள். இப்படி:

‘திங்கள் முதல் வெள்ளி வரை காலை 11 முதல் மதியம் 1 வரை அழைப்புகளுக்குக் கிடைப்பேன். மற்றபடி எந்த நேரத்தில் வேலை செய்வது என்பது என் முடிவு. பாடம் ஒன்றுக்கு ஒப்புக்கொண்ட தேதிக்குள் ஒப்படைப்பேன். ஒப்பந்தக் காலத்தில், இணைப்பில் பெயர் குறிப்பிட்ட போட்டி நிறுவனங்களுக்கு மட்டும் ஈ-லேர்னிங் வேலை செய்ய மாட்டேன்.’

ஜவுளிக்கடை கேட்லாகால் அவர்களுக்கு என்ன நஷ்டம்?

---

சும்மாஇரு

இவ்வளவு பேசினால் ஆளையே மாற்றிவிடுவார்கள். வக்கீலுக்கும் ஹெச்ஆருக்கும் ஒன்றும் போகாது.

---

கட்டம்போட்டசட்டை

சும்மாஇரு அண்ணா சொல்வதும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போது 90 மணி நேரத்துக்கு 55,000, மணிக்கு 611 ரூபாய். புது ஒப்பந்தப்படி சாப்பாட்டு நேரம் போக ஒரு நாளைக்கு 8 மணி, 26 நாள், மொத்தம் 208 மணி நேரம். மணிக்கு 264. அந்த 22,000-ம் போய்விடும். ஒரு நாள் லீவு என்றால் 2,115 பிடிப்பார்கள். பேரோலில் இருக்கும் தோழிக்கு வருஷத்துக்கு 18 நாள் சம்பளத்தோடு லீவு. இத்தனை நாள் நான் இதைச் சம்பள உயர்வு இல்லாத புதுப்பித்தல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் குறைப்பு.

சார், அந்த ஒரு வருஷத் தடை செல்லுமா?

---

எழும்பூர்வாசி

ஒப்பந்தம் முடிந்த பிறகான தடை செல்லாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்கு வெற்று. ஆனால் ஒப்பந்தம் நடக்கும் காலத்திலான தடை வேறு. அதை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கின்றன, 1967-இல் கோலிகாரி வழக்கிலிருந்தே. அதனால் கமுக்கமாக வேறு வேலை பார்க்கலாம் என்று மேலே ஒருவர் சொன்னதைச் செய்யாதீர்கள். ஒப்பந்த மீறல் என்ற காரணத்தை அவர்கள் கையில் நீங்களே கொடுத்ததாகிவிடும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த வழக்குகளில் ஒரே ஒரு அளவுகோல் கிடையாது. 2020-இல் சுசீலாபென் வழக்கில் ஒரு கண் மருத்துவர் மருத்துவமனையின் ஊழியரா என்ற கேள்வி வந்தது. ஒப்பந்தத்தின் வாசகங்களையும் மற்ற எல்லாவற்றையும் ஒன்றாக எடைபோட்டு, ஊழியர் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் ‘நிச்சயம் ஜெயிப்பீர்கள்’ என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் லேப்டாப் உங்களுடையது என்பது அவர்கள் பக்கத்தில் ஒரு எடைக்கல். ஆனால் மாற்று ஆள் கூடாது, லீவுக்கு அனுமதி, தினசரி மேற்பார்வை, பக்கத்து இருக்கையில் அதே வேலைக்குப் பேரோல் ஆள், இதெல்லாம் உங்கள் பக்கம்.

---

தேம்ஸ்நதி

அவர் கோவையில் வீட்டிலிருந்து செய்கிறார், நிறுவனம் சென்னையில். வீடு எப்படிக் கடையாகும்?

---

எழும்பூர்வாசி

நல்ல கேள்வி. தையல்காரர்களில் சிலர் வீட்டில் தைத்ததால் அவர்கள் கடையின் ஆட்கள் இல்லை என்று ஆகிவிடவில்லை, அதை வைத்து வாதாடுவேன். எதிர்த்தரப்பும் சும்மா இருக்காது. அதைவிட எனக்கு உறுத்துவது அந்த 11 மாதம். காலம் முடிந்தது, நீட்டிக்கவில்லை, நாங்கள் யாரையும் நீக்கவில்லை என்பார்கள். 2022-இலிருந்து இடைவெளி இல்லாமல் ஓடியிருப்பதைக் காட்டினால்தான் அதை உடைக்க முடியும். தொழிற்தகராறு சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, அங்கே போவதா 41-வது பிரிவில் நிற்பதா என்பதையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போதே ஒன்று செய்யுங்கள். மெயில் முடக்கிவிட்டால் எல்லாம் போச்சு. லீவு அனுமதி மெயில்கள், லாகின் திரை, காலை மீட்டிங் அழைப்பிதழ், மாசாமாசம் வந்த பணத்தின் வங்கிக் கணக்கு இதையெல்லாம் தேதியோடு உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பாட ஃபைல்களையும் அவர்களுடைய வாடிக்கையாளர் விவரங்களையும் தொடாதீர்கள், அது வேறு வம்பு.

---

கட்டம்போட்டசட்டை (16 நாள் கழித்து)

பேசிவிட்டேன். முன்னாள்ஹெச்ஆர் சார் சொன்ன மாதிரியே மேனேஜரிடம் முதலில் போனேன். அவருக்கு சனிக்கிழமை விஷயமே தெரியாது, சிரித்துவிட்டார். திருத்திய ஒப்பந்தம் வந்திருக்கிறது. லாகின் நேரம் போய்விட்டது, 11 முதல் 1 என்று இருக்கிறது. ஒரு வருஷத் தடையையும் எடுத்துவிட்டார்கள். பேரோலில் போட முடியுமா என்று கேட்டதற்கு ஏப்ரலில் பார்க்கலாம் என்றார்கள்.

ஆனால் ‘வேறு யாருக்கும் செய்யக் கூடாது’ அப்படியே இருக்கிறது. போட்டி நிறுவனங்களின் பட்டியல் கொடுங்கள் என்றேன், லீகல் ஒத்துக்கொள்ளவில்லையாம். நேற்று மேனேஜர் வாட்ஸ்அப்பில் ‘பேப்பர்ல மாத்தியாச்சு, ஆனா பத்து மணிக்கு ஆன்லைன்ல இருந்தா நல்லா இருக்கும்’ என்று அனுப்பியிருக்கிறார்.

---

எழும்பூர்வாசி

அந்த வாட்ஸ்அப்பை அழித்துவிடாதீர்கள்.

---

முன்னாள்ஹெச்ஆர்

அவர்களுக்கு மட்டுமே வேலை செய்ய வேண்டுமென்றால் அதற்கு விலை கேளுங்கள் மேடம். 22,000 போகிறது என்றால் 77,000 என்று எழுதி அனுப்புங்கள். பட்டியல் தானாக வரும்.

---

கட்டம்போட்டசட்டை

அனுப்பிவிட்டேனுங்க. பள்ளிக்கூடப் புத்தகம் பாதியில் நிற்கிறது, திங்கட்கிழமைக்குள் பதில் வந்தால் தேவலை.